லட்சத்தில் ஆறு

1987 செப்டம்பர் 24 அன்று, பிரேசில் நாட்டின் கொயானியா நகரில், ஒரு தந்தை வீட்டுக்கு ஒரு புதுமையான பொருளைக் கொண்டுவந்தார். இருட்டில் நீலமாக ஒளிரும் தூள். அவருடைய சகோதரர் நடத்திவந்த பழைய இரும்புக் கடைக்கு வந்த ஓர் இயந்திரப் பாகத்தை உடைத்தபோது கிடைத்தது. அவருடைய ஆறு வயது மகள் அதைத் தொட்டு விளையாடினாள். பிறகு அதே கையால் சாப்பிட்டாள்.

அந்த இயந்திரப் பாகம், நகரில் கைவிடப்பட்டுக் கிடந்த ஒரு கதிர்வீச்சுச் சிகிச்சை மையத்திலிருந்து செப்டம்பர் 13 அன்று இரண்டு பேர் கழற்றி எடுத்து வந்தது. உள்ளே இருந்தது சீசியம் குளோரைடு என்ற உப்பு, 93 கிராம். அதிலிருந்த சீசியம்-137இன் கதிரியக்கம் ஏறக்குறைய 51 டெரா பெக்கரல். சிறுமியின் வயிற்றுக்குள் போனது சுமார் 1 கிகா பெக்கரல் என்று பின்னர் கணித்தார்கள். அதாவது ஒவ்வொரு நொடியும் 100 கோடி அணுக்கள் அவள் உடலுக்குள் சிதைந்துகொண்டிருந்தன. எடையாகச் சொன்னால் அந்த உப்பில் 2 மில்லிகிராம்கூட வராது. சமையலுக்கு எடுக்கும் ஒரு சிட்டிகை உப்பில் நூற்றில் ஒரு பங்கு.

வெளியே இருக்கும் கதிர்வீச்சு மூலத்தைவிட்டு விலகி ஓடலாம். இடையில் சுவர் எழுப்பலாம். விழுங்கிவிட்டதிலிருந்து விலக முடியாது. அப்படியானால் அது எவ்வளவு காலம் உள்ளே இருக்கும்? உள்ளே விழும் மொத்தக் கதிர்வீச்சு ஏற்பளவை முடிவுசெய்வது இந்தக் கேள்விதான்.

சீசியம்-137இன் அரை ஆயுள் 30 ஆண்டுகள். இன்று இருக்கும் அணுக்களில் பாதி சிதைந்து முடிய அவ்வளவு காலம் ஆகும். இதைக் கேட்டவுடன், விழுங்கியவர் வாழ்நாள் முழுக்க அதைச் சுமந்துகொண்டே இருப்பார் என்று தோன்றும். கொயானியாவிலும் பலர் அப்படித்தான் பயந்திருப்பார்கள். ஆனால் உடல் ஒரு மூடிய டப்பா அல்ல. தனிம அட்டவணையில் சீசியம், பொட்டாசியம் இருக்கும் அதே நிரலில் அதற்குக் கீழே இருக்கிறது. உடலுக்கும் இரண்டையும் அவ்வளவாகப் பிரித்தறியத் தெரியாது. குடலில் கரைந்த சீசியம் ஏறத்தாழ முழுவதுமாக இரத்தத்தில் கலக்கிறது, பொட்டாசியம் போகும் வழியிலேயே தசைகளுக்குள் நுழைகிறது, பொட்டாசியம் வெளியேறுவது போலவே சிறுநீரில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியேறுகிறது. வளர்ந்த ஒருவர் விழுங்கிய சீசியத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு ஓரிரு நாட்களில் கழிந்துவிடும். மீதி ஒன்பது பங்கு, ஏறக்குறைய 110 நாட்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். இந்த 110 நாள்தான் உயிரிய அரை ஆயுள். இது அணுவின் குணம் அல்ல, சிறுநீரகத்தின், குடலின், தசையின் குணம். அதனால் ஆளுக்கு ஆள் மாறும்.

ஆக, உடலுக்குள் இருக்கும் ஒரு சீசியம் அணுவுக்கு இரண்டு முடிவுகளில் ஒன்றுதான். உள்ளேயே சிதைந்து பேரியமாகும், அல்லது சிதைவதற்கு முன்பே உடலைவிட்டுப் போய்விடும். இவற்றில் எது எவ்வளவு வேகம் என்று பார்க்க ஒரு லட்சம் அணுக்களை எடுத்துக்கொள்வோம். அரை ஆயுளைக் கொண்டு ஒரு நாளில் எத்தனை போகும் என்று கண்டுபிடிக்க, 0.693ஐ அரை ஆயுளால் வகுத்தால் போதும். 0.693 என்பது 2இன் இயல் மடக்கை. உயிரிய அரை ஆயுள் 110 நாள் என்றால், ஒரு நாளில் லட்சத்தில் 630 அணுக்கள் வெளியேறும். இயற்பிய அரை ஆயுளான 30 ஆண்டு என்பது சுமார் 11,000 நாள். எனவே ஒரு நாளில் லட்சத்தில் 6 அணுக்கள் மட்டுமே சிதையும்.

630உம் 6உம். இரண்டும் ஒரே நேரத்தில் நடப்பதால், ஒரு நாளில் உடல் இழப்பது 636. மறுபடி 0.693ஐ இந்த விகிதத்தால் வகுத்தால் 109 நாள் வருகிறது. இதுதான் பயனுறு அரை ஆயுள். உடலுக்குள் இருக்கும் கதிரியக்கம் உண்மையில் பாதியாகும் காலம்.

கூட்டப்படுவது காலங்கள் அல்ல, வேகங்கள் என்பதை இங்கே அழுத்திச் சொல்ல வேண்டும். மாணவர்கள் அடிக்கடி வழுக்கி விழும் இடம் இது. 30 ஆண்டையும் 110 நாளையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 15 ஆண்டு வரும். அது எந்த உடலிலும் நடக்காத ஒன்று. ஒரு தொட்டியில் இரண்டு ஓட்டைகள் இருந்தால், ஒரு ஓட்டை மட்டும் இருப்பதைவிட வேகமாகத்தானே காலியாகும்? பயனுறு அரை ஆயுள் எப்போதும் இரண்டில் சிறியதைவிடவும் சிறிதாகவே இருக்கும். விடை அப்படி வரவில்லையென்றால் கணக்கு தவறு. இயற்பிய அரை ஆயுளை Tp, உயிரியதை Tb, பயனுறுவதை Te என்று வைத்தால் மேலே செய்த கணக்கு முழுவதும் ஒரே வரியில் அடங்கும்:

1/Te = 1/Tp + 1/Tb

இந்த வரியைவிட 630, 6 என்ற இரண்டு எண்களையே நினைவில் வைத்துக்கொள்ளச் சொல்வேன். விழுங்கிய சீசியம் அணுக்களில் நூற்றுக்கு ஒன்றுதான் உடலுக்குள் சிதைகிறது, மற்ற 99 அணுக்களும் யாருக்கும் தெரியாமல் கழிவோடு வெளியேறிவிடுகின்றன என்பதை அவைதான் காட்டுகின்றன. அந்த 99 அணுக்களும் எங்கேயோ போய்ச் சேர்ந்து தம் 30 ஆண்டுக் கணக்கைத் தொடரும் என்பது வேறு விஷயம். மோசமாகப் பாதிக்கப்பட்ட நோயாளிகளின் மலமும் சிறுநீருமே கதிரியக்கக் கழிவாகப் பார்க்கப்படுவது இதனால்தான்.

இனி அந்த ஒரு சதவீதம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். 70 கிலோ எடையுள்ள ஒருவர் 1 மெகா பெக்கரல் சீசியத்தை விழுங்கியதாக வைத்துக்கொள்வோம். சிறுமி விழுங்கியதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. முதல் நாள் நொடிக்கு 10 லட்சம் சிதைவுகள். 109 நாள் அரை ஆயுளோடு குறைந்துகொண்டே போகும் இந்த ஓட்டத்தை முழுவதுமாகக் கூட்ட ஒரு சுருக்கு வழி உண்டு. அரை ஆயுளை 0.693ஆல் வகுத்தால் சராசரி ஆயுள் கிடைக்கும், இங்கே 157 நாள். தொடக்க வேகம் கொஞ்சமும் குறையாமல் 157 நாள் ஓடி, பிறகு சட்டென நின்றால் எத்தனை சிதைவு நடக்குமோ, அத்தனைதான் உண்மையிலும் நடக்கிறது. சீக்கிரமே வெளியேறும் பத்தில் ஒரு பங்கைக் கழித்துவிட்டால், சுமார் 12 லட்சம் கோடி சிதைவுகள்.

ஒவ்வொரு சிதைவிலும் வெளிவரும் எலக்ட்ரான்கள் சில மில்லிமீட்டர் தூரத்துக்குள் திசுவிலேயே நின்றுவிடுகின்றன. பேரியத்திலிருந்து வரும் காமாக் கதிரின் பெரும்பகுதி உடலைத் துளைத்து வெளியே போய்விடுகிறது, கொஞ்சம்தான் உள்ளே தங்குகிறது. இரண்டையும் சேர்த்தால் ஒரு சிதைவுக்கு ஏறக்குறைய 0.43 மெகா எலக்ட்ரான் வோல்ட் உடலில் படிகிறது. 12 லட்சம் கோடியால் பெருக்கினால் மொத்தம் 0.84 ஜூல். ஒரு மில்லிலிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கவே 4.2 ஜூல் வேண்டும். ஆனால் கதிர்வீச்சு சூட்டினால் கொல்வதில்லை. அணுக்களின் பிணைப்புகளை அறுத்துக் கொல்கிறது. அதற்கு இவ்வளவு குறைந்த ஆற்றலே போதும். 0.84 ஜூலை 70 கிலோவால் வகுத்தால் 0.012 கிரே, அதாவது 12 மில்லி சீவர்ட். பன்னாட்டுக் கதிர்வீச்சுப் பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் இதே அளவுக்கு 13 மில்லி சீவர்ட் என்று இருக்கிறது. தாளும் பேனாவும் கொண்டு போட்ட கணக்கு, உறுப்பு உறுப்பாகப் பிரித்துச் செய்த கணக்குக்கு இவ்வளவு அருகில் வந்துவிடுகிறது. சீசியம் உடல் முழுக்க ஏறத்தாழச் சீராகப் பரவுவதால்தான் இது சாத்தியம். எலும்பில் போய்க் குடியேறும் ஸ்ட்ரான்சியத்துக்கோ, தைராய்டில் குவியும் அயோடினுக்கோ இப்படி மொத்த எடையால் வகுத்தால் விடை முற்றிலும் தவறாகும்.

அதே 1 மெகா பெக்கரல் ஐந்து வயதுக் குழந்தைக்குள் போனால்? உடல் எடை 20 கிலோதான். அதே ஆற்றல் மூன்றரை மடங்கு சிறிய உடலில் படிகிறது. எனவே ஏற்பளவும் மூன்றரை மடங்கு இருக்கும் என்று எதிர்பார்ப்போம். பட்டியலைப் பார்த்தால் 9.6 மில்லி சீவர்ட், பெரியவர்களுக்கானதைவிடக் குறைவு. குழந்தையின் உடலில் பொட்டாசியமும் அதோடு சீசியமும் வேகமாகச் சுழல்வதே காரணம். ஏறக்குறையப் பாதி சீசியம் 9 நாள் அரை ஆயுளோடும், மீதி 30 நாள் அரை ஆயுளோடும் வெளியேறுகிறது. சிறிய உடல் என்ற கேட்டை, சீக்கிரம் கழிக்கும் உடல் என்ற நன்மை ஈடுசெய்துவிடுகிறது. உயிரிய அரை ஆயுள் எவ்வளவு வலுவான எண் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

ஆனால் கொயானியாச் சிறுமிக்கு அந்த நன்மை போதவில்லை. அவள் விழுங்கியது 1 மெகா பெக்கரல் அல்ல, அதைப்போல் ஆயிரம் மடங்கு. அதே வழியில் கணக்கிட்டால், முதல் நாட்களில் ஒரு நாளுக்குக் கால் கிரே என்ற வேகத்தில் அவள் உடல் முழுவதும் கதிர்வீச்சு விழுந்திருக்க வேண்டும். அந்த வேகம் குறைந்துகொண்டே வந்தாலும், முதல் நான்கு வாரத்தில் உள்ளிருந்து மட்டும் சுமார் 4 கிரே. தோலிலும் சுற்றிலும் இருந்த தூளிலிருந்து வந்தது தனி. அவள் பெற்ற மொத்த ஏற்பளவு சுமார் 6 கிரே என்று மதிப்பிடப்பட்டது. எலும்பு மச்சை இரத்த அணுக்களை உருவாக்குவதை நிறுத்திவிடும் அளவு அது. அக்டோபர் 23 அன்று அவள் இறந்தாள். அந்த விபத்தில் இறந்த நான்கு பேரில் அவளும் ஒருத்தி.

செப்டம்பர் 28 அன்று கடைக்காரரின் மனைவிதான், வீட்டில் எல்லோரும் நோய்வாய்ப்பட்டதற்கு இந்தப் பொருளே காரணம் என்று ஊகித்து, மிச்சமிருந்ததைப் பையில் போட்டுப் பேருந்தில் சுகாதார அலுவலகத்துக்குக் கொண்டுபோனார். மறுநாள் ஓர் இயற்பியலாளர் கருவியோடு வந்தபோதுதான் அது என்னவென்று தெரிந்தது. அதற்குள் பலர் விழுங்கி நாட்கள் பல ஆகிவிட்டன. இனி மருத்துவர்கள் என்ன செய்ய முடியும்?

லட்சத்தில் 6 என்ற எண்ணை யாராலும் எதுவும் செய்ய முடியாது. சூடாக்கினாலும் குளிரவைத்தாலும், எந்த மருந்து கொடுத்தாலும் அணுக்கரு தன் வேகத்திலேயே சிதையும். கைவைக்கக்கூடியது 630 மட்டுமே. அதைக் கூட்டிக்கொடுத்தது, ஓவியர்களுக்கு இருநூறு ஆண்டுகளுக்கு மேல் பழக்கமான ஒரு வண்ணப்பொடி. பிரஷ்யன் நீலம். இரும்பும் சயனைடும் சேர்ந்த இந்தச் சேர்மம் தண்ணீரில் கரையாது, குடலிலிருந்து இரத்தத்துக்குள்ளும் போகாது. அதன் படிகக் கூட்டில் சீசியம் அளவுக்குச் சரியான இடைவெளிகள் இருக்கின்றன.

இரத்தத்தில் ஏற்கெனவே கலந்துவிட்ட சீசியத்தைக் குடலில் கிடக்கும் ஒரு பொடி எப்படிப் பிடிக்கும்? சீசியம் ஒரே இடத்தில் தங்குவதில்லை என்பதுதான் விடை. பித்தநீரோடும் செரிமானச் சுரப்புகளோடும் அது தொடர்ந்து குடலுக்குள் வந்துகொண்டிருக்கிறது. வந்தது மறுபடி உறிஞ்சப்பட்டு இரத்தத்துக்குத் திரும்புகிறது. பிரஷ்யன் நீலம் இந்தத் திரும்பும் பாதையில் உட்கார்ந்துகொள்கிறது. குடலுக்குள் வந்த சீசியத்தைப் பிடித்து, திரும்ப விடாமல், மலத்தோடு வெளியே கொண்டுபோய்விடுகிறது.

கொயானியாவில் 46 பேருக்கு இதைக் கொடுத்தார்கள், பெரியவர்களுக்கு நாளுக்கு 10 கிராம் வரை. பயனுறு அரை ஆயுள் பெரியவர்களில் சராசரியாக 69 சதவீதம் குறைந்தது. பதின்வயதினரில் 46, சிறுவர்களில் 43 சதவீதம். சிறுவர்களின் உடல் ஏற்கெனவே வேகமாகக் கழித்துக்கொண்டிருந்ததால் மருந்து சேர்த்துக் கொடுக்கக்கூடிய வேகம் குறைவாகத் தெரிகிறது. நம் 109 நாள் ஆளுக்கு 69 சதவீதக் குறைப்பு என்றால் 34 நாள். இப்போது லட்சத்தில் ஒரு நாளுக்கு 2,000 அணுக்களுக்கு மேல் வெளியேறுகின்றன. சிதைபவை அதே 6.

சில நாள் தாமதமானால் மருந்து வீணா என்ற கேள்விக்கும் இந்த எண்களே பதில் சொல்கின்றன. முதல் நாளே தொடங்கினால் மொத்த ஏற்பளவு 31 சதவீதமாகக் குறையும். 10 நாள் தாமதித்தால், அந்தப் பத்து நாளில் 6 சதவீதம்தான் உடலில் விழுந்திருக்கும். மீதியில் பெரும்பகுதியைத் தடுக்கலாம், மொத்தம் 35 சதவீதத்தில் நிற்கும். ஒரு மாதம் தாமதித்தாலும் 43 சதவீதம். சீசியத்தைப் பொறுத்தவரை தாமதமான மருந்தும் நல்ல மருந்துதான். ஆனால் ஏற்கெனவே விழுந்த ஏற்பளவை எந்த மருந்தும் திரும்ப எடுக்காது. அந்தச் சிறுமிக்கு முதல் வாரமே கனமாக இருந்தது.

அயோடின்-131ஐ எடுத்தால் கதை தலைகீழ். அதன் இயற்பிய அரை ஆயுள் 8 நாள், தைராய்டில் தங்கும் உயிரிய அரை ஆயுள் சுமார் 80 நாள். சூத்திரத்தில் போட்டால் பயனுறு அரை ஆயுள் 7.3 நாள். இங்கே முந்திக்கொள்வது அணுவின் கடிகாரம், உடலின் கடிகாரம் அல்ல. அயோடினை மூன்று மடங்கு வேகமாக வெளியேற்றும் அற்புத மருந்து ஒன்று கிடைத்து, 80 நாள் 27 நாளானாலும், பயனுறு அரை ஆயுள் 6.2 நாளுக்குத்தான் இறங்கும். போதாக்குறைக்கு, 10 நாள் தாமதித்தால் ஏற்பளவில் 60 சதவீதம் ஏற்கெனவே விழுந்து முடிந்திருக்கும். அதனால்தான் அயோடினுக்கு வெளியேற்றும் வழியை யாரும் நம்புவதில்லை. முன்கூட்டியே சாதாரண பொட்டாசியம் அயோடைடு மாத்திரை கொடுத்துத் தைராய்டை நிரப்பி, உள்ளே நுழையவிடாமல் செய்கிறார்கள். எந்தத் தனிமத்துக்கு எந்த மருத்துவம் என்பதை, இரண்டு அரை ஆயுள்களில் எது சிறியது என்பதே பெரும்பாலும் சொல்லிவிடுகிறது.

மருந்து வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்வதில்தான் நுட்பமான தவறுகள் நேர்கின்றன. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்பதை அறிய இரண்டு வழிகள் உண்டு. காமாக் கதிர் உடலைத் துளைத்து வெளியே வருவதால், முழு உடலையும் ஒரு காமா எண்ணியின் முன் வைத்து நேரடியாக எண்ணலாம். அல்லது சிறுநீரில் ஒரு நாளில் வருவதை அளந்து, உடலில் இருப்பதைப் பின்னோக்கிக் கணிக்கலாம். கொயானியாவில் தொடக்கத்தில் நோயாளிகளின் மாதிரிகளை அளந்தே மதிப்பிட்டார்கள். முழு உடல் எண்ணி அங்கே நிறுவப்பட்டது நவம்பரில்தான்.

வழக்கமாக சீசியத்தில் ஐந்தில் நான்கு பங்கு சிறுநீரில்தான் போகும். பிரஷ்யன் நீலம் கொடுத்தவுடன் இந்த விகிதம் புரண்டு, பெரும்பங்கு மலத்தில் போகத் தொடங்கும். அப்போது சிறுநீரில் சீசியம் மளமளவென்று குறையும். மருந்து கொடுத்ததை மறந்து, வழக்கமான விகிதத்தை வைத்துக் கணித்தால், உடலில் இருப்பது உண்மையைவிடப் பல மடங்கு குறைவாகத் தெரியும். நோயாளியை நிம்மதியாக வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடிய பிழை இது. எனவே மருந்து உண்ணும் நாட்களில் மலத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

முழு உடல் எண்ணியிலும் ஒரு பொறி இருக்கிறது. தோலில் ஒட்டியிருக்கும் சீசியத்தையும் உள்ளே இருக்கும் சீசியத்தையும் அது வேறுபடுத்திப் பார்க்காது. குளித்துவிட்டு வந்தால் போதும் என்று நினைக்கலாம். ஆனால் உள்ளே சீசியம் இருப்பவருக்கு வியர்வையிலும் அது வருகிறது. கழுவித் துடைத்த தோல் சில மணி நேரத்தில் மறுபடி கறைபடிகிறது. கொயானியா நோயாளிகளிடம் இது நடந்தது. நாள்தோறும் எடுத்த அளவுகளை மடக்கை அளவுகோல் தாளில் புள்ளிகளாக வைத்தால், ஒரே அரை ஆயுள் என்றால் அவை நேர்கோட்டில் விழ வேண்டும். கோடு வளைந்தால் ஒன்றுக்கு மேற்பட்ட வேகங்கள் இருக்கின்றன. புள்ளிகள் மேலும் கீழும் குதித்தால் தோலைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். மருந்தை நிறுத்திய நாளிலிருந்து கோட்டின் சரிவு குறைந்தால், அதுவரை மருந்து வேலை செய்துகொண்டிருந்தது உறுதி.

அந்தச் சிறுமியை ஈயம் பொதிந்த பெட்டியில் வைத்து அடக்கம் செய்தார்கள். உயிரோடு இருந்தவரை அவளுடைய சீசியத்துக்கு இரண்டு கடிகாரங்கள் இருந்தன, வேகமாக ஓடியது அவளுடையது. மூச்சு நின்றதும் அந்தக் கடிகாரமும் நின்றது. சிறுநீரகம் இனி எதையும் வடிக்கப் போவதில்லை. அன்று அவள் உடலில் மிஞ்சியிருந்த சீசியத்துக்கு இனி 30 ஆண்டு அரை ஆயுள் மட்டுமே. 2017இல் அதில் பாதி இருந்தது.